கட்டியக்காரன் கேட்ட ஐசி

"எங்க தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுல இந்த வருஷம் திரௌபதி துகில் கூத்து போட்டாங்க. நடுவுல கோமாளியா வர்ற கட்டியக்காரன் துரியோதனன்கிட்ட ஐசி கேக்குறார், சகுனியை வட்டிக்கு விடுற ஆலோங்னு கூப்பிடுறார். பக்கத்துல இருந்த பெரியவர் 'பாரதத்தையே கெடுக்கிறானுங்க'ன்னு எழுந்து போயிட்டார். போன வருஷம் கோத்தா பாருவுல வாயாங் கூலிட் நிழற்பாவைக் கூத்து பார்த்தப்போ, அங்க அனுமான் ராமனோட மகன்னு சொன்னாங்க. இதையெல்லாம் யார் முடிவு பண்றது? எவ்வளவு தூரம் மாத்தலாம்?"

இரண்டு வேறு சங்கதிகளை ஒரே முடிச்சாகப் போட்டிருக்கிறீர்கள். முதலில் அதைப் பிரித்துக்கொள்வோம். ஐசி, அதாவது அடையாள அட்டை, கேட்டது அந்த ராத்திரிக்காக வந்த பேச்சு. அதே குழு அடுத்த வாரம் வேறு ஊரில் ஆடினால் அங்கே வேறு ஏதாவது இருக்கும். அனுமான் மகனானது அப்படியில்லை, அது பல தலைமுறைக்கு முன்பே கதைக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. வாயாங் பாவைகளை ஆட்டும் எந்தத் தாலாங்கும் அன்றைக்கு நினைத்து அப்படிச் சொல்வதில்லை.

எனக்கு இதில் பழக்கம் வந்தது அப்பாவால். பாடாங் செராய் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினார். திருவிழா வந்தால் அவர்தான் கட்டியக்காரன். பதின்மூன்று வயதில் எனக்குக் கிடைத்த வேலை, வேஷம் வரும்போது திரைத்துணியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்பது. கூத்தைப் பக்கவாட்டிலிருந்து பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது.

கூத்தில் விருத்தமும் பாட்டும் மாறாது. வாத்தியாரிடம் கேட்டு மனப்பாடம் செய்தவை அவை. ஆர்மோனியமும் மிருதங்கமும் பின்பாட்டும் அந்தச் சொற்களைப் பிடித்துக்கொண்டுதான் ஓடுகின்றன, ஒரு அடியை மாற்றினால் பின்பாட்டுக்காரர் தடுக்கி விழுவார். பாட்டுக்கு நடுவே வரும் வசனம் கொஞ்சம் இளகும். நல்ல வேஷக்காரர் அதை நீட்டுவார், குறைப்பார், ஆனால் செய்தியை மாற்றமாட்டார். கட்டியக்காரனின் பேச்சை மட்டும் யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. அவன் அரசனுக்குச் சேவகன், பார்க்கிறவர்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரன். பாரதத்துக்குள் ஒரு கால், நம் தோட்டத்து லய வீட்டு வாசலில் ஒரு கால். ஊர் உள்ளே வரும் வழி அவன்தான்.

ஐசி சங்கதியையே எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பார்த்தது எப்படியோ, அப்பா செய்ததைச் சொல்கிறேன். திரைக்குப் பின்னால் துரியோதனன் நின்று தன் பெருமையை விருத்தமாகப் பாடி முடிப்பார். அவருடைய கிரீடம் மட்டும் துணிக்கு மேலே தெரியும். கட்டியக்காரன் திரைக்கு முன்னால் வந்து காதைக் குடைந்துகொண்டு கேட்பான்.

"யாருங்க அது, திரைக்குப் பின்னால நின்னு சத்தம் போடுறது?"

"அத்தினாபுரத்து அரசன், துரியோதன மகாராஜன்!"

"மகாராஜனா இருங்க, வேணாங்கல. ஐசி இருக்கா?"

"என்ன கேட்டாய், கட்டியக்காரா?"

"ஐசி, ராஜா. நீலமா, சிவப்பா?"

கூட்டம் சிரிப்பில் இடிந்து விழும். நீல ஐசி குடிமகனுக்கு, சிவப்பு நிரந்தரவாசிக்கு என்பது மலேசியாவில் குழந்தைக்கும் தெரியும். இங்கேயே பிறந்து, இங்கேயே மரம் வெட்டி, பிறப்புப் பத்திரம் எடுக்காமல் விட்ட குற்றத்துக்காக சிவப்போடு செத்துப்போன கிழவர்கள் எங்கள் லயத்தில் இருந்தார்கள். அரசனைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டதும் அவர்கள்தான் முதலில் சிரித்தார்கள். துரியோதனன் கொதித்துப்போய், "என் தேசத்தில் நின்று என்னையே யாரென்று கேட்கிறாயா?" என்பார். அந்த வசனம் எப்போதும் இருப்பதுதான், புதிதாக ஒரு எழுத்தும் சேர்க்கவில்லை. முன்னால் வந்த கேள்வியால் அதற்கு வேறு கனம் ஏறிவிடுகிறது.

அடுத்து அப்பா செய்ததுதான் தொழில். சிரிப்பு முழுக்க அடங்கும்வரை காத்திருக்கமாட்டார், பாதி அடங்கும்போதே, "சரி ராஜா, கோவிச்சுக்காதீங்க, உங்க தேசம் எது, பரிவாரம் எது, இந்தச் சபைக்கு விளங்கச் சொல்லுங்க" என்பார். அந்தக் கடைசி வாக்கியம் பழைய பாடம். துரியோதனனுக்கு அடுத்த பாட்டை எடுக்க அதுதான் அடையாளம். "விளங்க" என்ற சொல் விழுந்ததும் மிருதங்கக்காரர் தட்டிவிடுவார், நானும் எதிர்முனைக்காரரும் துணியை இறக்குவோம், துரியோதனன் சுழன்று வெளியே வருவார். ஊர்க்கதை எங்கே வேண்டுமானாலும் போய்வரலாம், திரும்பி வரும்போது பாட்டு தொங்கிக்கொண்டிருக்கும் கொக்கியில் சரியாக மாட்ட வேண்டும். இதற்கு அப்பா சொன்ன வார்த்தை 'கொக்கிச் சொல்'. மற்ற குழுக்களில் என்ன சொல்வார்களோ, எங்கள் குழுவில் அதுதான்.

இந்தச் சரக்கெல்லாம் மேடையில் திடீரென்று உதிப்பதில்லை. வெளித்தோட்டத்தில் ஆட்டம் என்றால் அப்பா ஒரு நாள் முன்பே போய்விடுவார். கோயிலுக்குப் போகமாட்டார், முதலில் டீக்கடை. வேலை வாங்கும் மண்டோர் யார், கணக்கு எழுதும் கிராணி எப்படி, எந்த மேட்டில் லோரி சறுக்கும், கோயில் கணக்கில் யாருக்கு யாரோடு மனஸ்தாபம், எல்லாம் ஒரு தேத்தண்ணி நேரத்தில் வந்துவிடும். அதில் பாதியை வேண்டுமென்றே விட்டுவிடுவார். குடும்பத்துச் சண்டை, சாவு, பெண் பிள்ளை பற்றிய பேச்சு, மூன்றையும் தொடமாட்டார். மண்டோரைத் தொடலாம், கோயில் தலைவரைத் தொடலாம், தன்னையே தொடலாம். உயரத்தில் இருப்பவனைக் கீழே இறக்கத்தான் கட்டியக்காரனுக்கு உரிமை. ஏற்கெனவே கீழே கிடப்பவனை அவன் மிதிக்கக்கூடாது.

சகுனியை ஆலோங் என்றது எனக்குப் பிடித்திருக்கிறது. அப்பா காலத்தில் சகுனி கள்ளுக்கடைக் கடன் எழுதுகிறவனாக வருவான். வட்டிக்கு விடுகிறவன் மாறிவிட்டான், அதனால் பெயரும் மாறுகிறது. சகுனி மாறவில்லை. பகடைக்குப் பின்னால் ஒரு பழைய பகையை வைத்துக்கொண்டு சிரித்துப் பேசுகிறவன் எந்த ஊரிலும் சகுனிதான்.

சூதாட்டக் காட்சியைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எவ்வளவு தூரம் போகலாம் என்ற உங்கள் கேள்விக்கு அங்கேதான் பதில் இருக்கிறது. தர்மர் ஒவ்வொன்றாகப் பணயம் வைப்பார்: பொன், தேர், யானை, நாடு, தம்பிகள், தான், கடைசியில் திரௌபதி. ஒவ்வொன்றுக்கும் ஒரு பாட்டு, ஒரு உருட்டு, சகுனியின் "வென்றேன்". ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வருவதால் நடு ராத்திரியில் கூட்டம் சோர்ந்துவிடும். அங்கேதான் கட்டியக்காரனுக்கு இடம். அப்பா கிராணி மாதிரி காதில் பென்சில் செருகி, ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து கணக்கு எழுதுவார். "தேர் போச்சு. ராஜா, அதுக்கு ரோட்டெக்ஸ் கட்டியாச்சா?" இந்த மாதிரி.

ஒரு வருஷம் தோட்டம் கைமாறியது. லயத்தைக் காலி செய்யச் சொல்லி வீட்டுக்கு வீடு தாள் வந்திருந்தது. அந்தத் திருவிழாவிலும் சூது துகில்தான். நாடு போனதும் அப்பா நோட்டில் எழுதிவிட்டு நிமிர்ந்தார்.

"தேர் போச்சு, யானை போச்சு, நாடு போச்சு. ராஜா, வீடு?"

தர்மராக நின்றவர் பதில் சொல்லவில்லை. பாடத்தில் அப்படி ஒரு கேள்வி இல்லை, அவருக்கும் அது புதுசு.

"வீடு யார் பேர்ல இருக்கு, ராஜா?"

ஒருவரும் சிரிக்கவில்லை. நான் அப்போது திரைத்துணியை மடித்து வைத்துக்கொண்டு தூணோரம் உட்கார்ந்திருந்தேன். பின்னாலிருந்து ஒரு கிழவி "அம்மா தாயே" என்றது மட்டும் கேட்டது. அப்பா அதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. நோட்டை மூடினார், பென்சிலைக் காதிலிருந்து எடுத்துக் கீழே வைத்தார், தர்மரைப் பார்த்துத் தலையாட்டினார். தம்பிகளைப் பணயம் வைக்கும் பாட்டு ஆரம்பித்தது. அன்று பாரதத்தில் ஒரு சம்பவமும் மாறவில்லை. ஆனால் வீடு இழந்தவன் அடுத்து யாரை இழப்பான் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் பதற்றமாக இருந்தது. திரௌபதியின் பெயரை தர்மர் எடுத்தபோது, "வேணாம்யா" என்று ஒரு ஆள் எழுந்தே நின்றுவிட்டார்.

அந்த இடத்திலிருந்து கட்டியக்காரனின் வாய் அடைபடும். அதுதான் கோடு. அவனே தூதனாக அந்தப்புரத்துக்கு அனுப்பப்படுவான். "என்னை இழந்தபின் தன்னை இழந்தாரா, தன்னை இழந்தபின் என்னை இழந்தாரா, கேட்டு வா" என்று திரௌபதி திருப்பி அனுப்ப, அவன் நடுங்கிக்கொண்டு வந்து சபையில் அதைச் சொல்வான். அதுவரை எல்லோரையும் கேலி செய்தவன் வாயிலிருந்தே அந்தக் கேள்வி வருவதால்தான் அது குத்துகிறது. பிறகு துச்சாதனன் கூந்தலைப் பிடிக்கும் நேரத்தில் அவன் ஓரமாகப் போய்விடுவான். எங்கள் ஊரில் துச்சாதனன் வேஷக்காரர் புடவையைத் தொடும் முன் கிரீடத்தைக் கழற்றிவிட்டு, கற்பூரம் ஏற்றி, திரௌபதி வேஷத்தில் இருப்பவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் தொடுவார். வேஷம் போட்டவர் ஆண், பகலில் எங்களோடு மரம் வெட்டுகிறவர், ஆனால் அந்த நேரத்தில் அவர் அம்மன். முனையோடு முனை முடிந்த ஏழு புடவை. ஒவ்வொரு முடிச்சு வெளியே வரும்போதும் கூட்டம் "கோவிந்தா" என்று கத்தும்.

ஒரு முறை அப்பாவுக்குக் காய்ச்சல். வேறு ஊரிலிருந்து ஒரு இளைஞரைக் கட்டியக்காரனாகப் போட்டார்கள். ஐசியும் ரோட்டெக்ஸும் அவருக்கும் நன்றாகவே வந்தது. கைதட்டல் ருசி கண்டவர் துகில் காட்சியில் நிறுத்தவில்லை. மூன்றாவது புடவையில், பாசார் மாலாம் இரவுச் சந்தையில் இது எத்தனை வெள்ளிக்கு விற்கிறது என்று கேட்டுவிட்டார். முன்வரிசைப் பிள்ளைகள் சிரித்தார்கள். பெண்கள் பக்கம் அப்படியே அமைதி. திரௌபதி வேஷக்காரரின் கை, மேலே தூக்கியபடி, நடுங்க ஆரம்பித்தது. ஆர்மோனியம் நின்றது. பூசாரி மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து தெளித்து, மறுபடி கற்பூரம் காட்டி, அந்தப் பாட்டை முதலடியிலிருந்து பாடச் சொன்னார். கொக்கி அறுந்துவிட்டால் இப்படித்தான், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். உங்கள் பெரியவர் எழுந்து போனது எந்த இடத்தில் என்று தெரிந்தால்தான் அவர் சொன்னது நியாயமா என்று சொல்ல முடியும். துரியோதனன் திரைக்கே எழுந்து போயிருந்தால் அவருக்குக் கூத்துப் பழக்கம் இல்லை. புடவையில் எழுந்திருந்தால் நானும் கூடவே எழுந்திருப்பேன்.

இனி அனுமான். வாயாங் கூலிட்டில் வெள்ளைத் திரைக்குப் பின்னால் ஒரே ஆள், தாலாங், எல்லாப் பாத்திரத்துக்கும் அவரே குரல் கொடுக்கிறார். செரி ராமா, சீத்தி தேவி, லக்சமானா, மஹாராஜா வானா. கிளந்தான் தாலாங்குகள் ராமன் கதையை ஒரு மரமாகப் பார்க்கிறார்கள். அடிமரத்துக் கதை ஒன்று, அதிலிருந்து கிளைக் கதைகள் ஏராளம். அடிமரத்தை முழுசாக ஆடுவது அபூர்வம், ராத்திரிக்கு ராத்திரி ஆடுவது பெரும்பாலும் கிளைதான். கிளையில் தாலாங் புதிய அரசர்களையும் பூதங்களையும் கொண்டுவரலாம், அடிமரத்தை வெட்டமாட்டார்.

அனுமான் ராமனின் மகன் என்பது அந்த அடிமரத்தில் இருப்பது. ஹிக்காயாட் செரி ராமா என்ற மலாய்க் கதையில் இது ஏற்கெனவே உண்டு. அதன் ஒரு கையெழுத்துப் பிரதி 1633இலேயே இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்து, இப்போது ஆக்ஸ்போர்டு நூலகத்தில் இருக்கிறது. காட்டில் ராமனும் சீதையும் ஒரு குளத்தில் குளித்துக் குரங்காகிவிடுகிறார்கள், லட்சுமணன் மீட்கிறான், சீதையின் வயிற்றில் உருவான கரு காற்று வழியே அஞ்சனையின் வாய்க்குப் போய்ச் சேர்கிறது. கம்பனைப் படித்து வளர்ந்த நமக்குக் காது கூசும், எனக்கும் முதலில் கூசியது. ஆனால் கதையில் என்ன நடக்கிறது பாருங்கள். நம் அனுமான் இலங்கைக்குத் தாண்டுவது பக்தியால். அவர்களுடைய அனுமான் தாண்டுவது, குரங்கு உருவத்தால் அப்பா வாய்விட்டு ஏற்றுக்கொள்ளத் தயங்கும் மகனாக. அடியார், ஆண்டவன் உறவை ஒரு குடும்பத்து உறவாக மாற்றியிருக்கிறார்கள். முஸ்லிம் மலாய்க்காரர்களுக்கு ராமன் சாமி இல்லை என்பதால் அந்த உறவு வேறு எதிலாவது நிற்க வேண்டியிருந்தது என்பது என் ஊகம்.

நம் கட்டியக்காரனுக்கு அங்கேயும் ஆள் உண்டு: பாக் டோகோல், வாக் லோங் என்ற இரண்டு கோமாளிகள். அரசர்கள் அரண்மனை மொழியில் இழுத்துப் பேச, இவர்கள் அசல் கிளந்தான் வட்டார மலாயில் பேசுகிறார்கள். கோலாலம்பூர் மலாய்க்காரருக்கே பாதி புரியாது. வேடிக்கை என்னவென்றால் பாக் டோகோல் உண்மையில் இறங்கிவந்த தெய்வம் என்பது தாலாங்குகளின் நம்பிக்கை. அசிங்கமான முகம், பெருத்த வயிறு, கந்தல், உள்ளே கடவுள். தமிழ்நாட்டுத் தோல்பாவைக் கூத்தில் இதே நாற்காலியில் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தெய்வப் பட்டம் கிடையாது, உதை வாங்குவதோடு சரி.

கட்டியக்காரனுக்கும் இந்தக் கோமாளிகளுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. அப்பா வரம்பு மீறினால் துரியோதனன் முறைப்பார், மிருதங்கக்காரர் வேண்டுமென்றே தட்டிவிடுவார், கடிவாளம் பிடிக்க ஆள் உண்டு. தாலாங்குக்கு அப்படி யாரும் இல்லை. ராமன், கோமாளி இருவருக்கும் குரல் அவர் ஒருவர் தொண்டையிலிருந்துதான் வருகிறது. வாத்தியக்காரர்களும் அவர் சாடைக்குக் காத்திருப்பவர்கள். அதனால் எங்கே நிறுத்துவது என்பதை அவர் குருவிடம் படித்து வந்தாக வேண்டும், மேடையில் கற்றுக்கொள்ள முடியாது.

கடைசியாக, பாரதத்தைக் கெடுக்கிறார்கள் என்று சொன்ன பெரியவருக்கு ஒரு விஷயம். திரௌபதி கூந்தலை விரித்துப்போட்டு, துரியோதனன் ரத்தம் பூசித்தான் முடிப்பேன் என்று சபதம் செய்வதை அவர் அசல் பாரதம் என்றுதான் நினைப்பார். கூத்தின் உயிரே அதுதான். படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் தொடையிலிருந்து சிவப்புக் குழம்பை எடுத்துப் பூசிக் கூந்தலை முடியும்போது எத்தனை பெண்கள் அழுவார்கள் தெரியுமா. ஆனால் வடமொழி வியாச பாரதத்தில் அந்தச் சபதம் இந்த வடிவில் கிடையாது. நாடகக்காரர்களும் கூத்துக்காரர்களும் வளர்த்துக் கொண்டுவந்தது அது. முதன்முதலில் ஏதோ ஒரு மேடையில் அது வந்த ராத்திரியும் யாராவது ஒருவர் எழுந்து போயிருப்பார்.

ஐசி அப்படி நிலைக்காது. சிவப்பு ஐசிக்காரர்கள் இல்லாத ஊரில் அது வெறும் அட்டை. எது தங்கும், எது அந்த ராத்திரியோடு போகும் என்று வாத்தியாரும் கோயில் கமிட்டியும் கூடிப் பேசி முடிவு செய்து நான் பார்த்ததில்லை. அடுத்த வருஷமும் ஊர் அதைக் கேட்டால் வரும், மூன்று வருஷம் கேட்டால் சீடப் பையன் அதையும் சேர்த்து மனப்பாடம் செய்துவிடுவான். 'வீடு யார் பேர்ல இருக்கு' என்பதை அப்பா மறுபடி சொல்லவே இல்லை. அடுத்த திருவிழாவுக்கு லயமும் இல்லை. கோயில் மட்டும் செம்பனை மரங்களுக்கு நடுவே நின்றது, நாங்கள் புதிதாகக் குடிபோன தாமான் குடியிருப்பிலிருந்து வேனில் போய் ஆடினோம். இரவு பத்துக்கு ஆரம்பித்து விடியும்வரை நடந்த கூத்து மூன்று மணி நேரமாகிவிட்டது. வெட்டியது தேர், யானைப் பாட்டுகளைத்தான். திரைக் கேள்வியை வெட்டவில்லை.

அடுத்த முறை பார்க்கும்போது சிரிப்பை விட்டுவிட்டு, ஐசி கேள்விக்குப் பிறகு மிருதங்கம் எந்தச் சொல்லில் விழுகிறது என்று மட்டும் கவனித்து எழுதுங்கள். உங்கள் ஊர்க் கட்டியக்காரன் எப்படிப்பட்டவர் என்று அதை வைத்தே என்னால் சொல்லிவிட முடியும்.